ஆய்வு மாணவர் தூதுவர் அல்லர்

இரு மூத்த பேராசிரியர்கள் ஒத்துழைக்க மறுத்தால், அவர்களிடையே தூது செல்வது இளைய ஆய்வாளரின் கடமை எனத் துறைகள் கருதுகின்றன. தூது செல்லச் செல்லப் பிணக்குத்தான் வளரும், அகராதி வளராது.

ஜார்க்கண்டின் குருக் மொழிக்கு ஒரு கூட்டு அகராதி எனக் கொள்வோம். தலைச்சொல் தேவநாகரியில் இருக்க வேண்டும் என்கிறார் ஒருவர். தோலோங் சிக்கியில் என்கிறார் மற்றவர். ஒருவர் திருத்திய பதிவை மற்றவர் தொடுவதில்லை. தரவுத்தளத்தில் பன்னாட்டு ஒலியெழுத்தை அடிப்படையாக வைத்து, இரு எழுத்துமுறைகளுக்கும் தனித்தனிப் புலங்கள் ஒதுக்கினால், இச்சண்டை அச்சுக் கட்டம்வரை ஒத்திப்போகும். எஞ்சுவது மொழியியல் கேள்வி: குரல்வளை அடைப்பொலி எச்சொற்களில் வருகிறது? அதற்குக் கூட்டம் தேவையில்லை. ஒரே ஒலிப்பதிவின் 50 சொற்களை இருவரும், மற்றவர் எழுதியதைப் பாராமல், குறித்துத் தரட்டும். வேறுபடும் சொற்களை மட்டும் மீண்டும் கேட்டால் போதும்.

அந்த 50 சொற்களும் வராவிட்டால் சிக்கல் எழுத்தில் இல்லை. பெரும்பாலும் அட்டையில் யார் பெயர் முதலில் என்பதில் இருக்கிறது. ஓர் ஆட்சேபம் தீர்ந்த அன்றே இன்னொன்று முளைப்பது அதன் அடையாளம். அப்போது பெயர் வரிசையையும் பணிப் பங்கையும் துறைத்தலைவர் எழுத்தில் முடிவுசெய்ய வேண்டும். எவர் பங்கு எந்நாள்வரை வரவில்லை என்பது இடைக்கால அறிக்கையில் ஏற வேண்டும். அந்த ஒரு வரியை எழுத அஞ்சும் துறைகளே, பிறகு உதவித்தொகை முடிந்த மாணவரிடம் தாமதத்துக்கு விளக்கம் கேட்கின்றன.