‘விலகலாம்’ என்ற சொல்லின் எடை

சமூக உளவியல் பாடநூல் எதைப் புரட்டினாலும், ஸ்டான்லி மில்கிராம் 1961இல் யேல் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய கீழ்ப்படிதல் சோதனை அதில் இருக்கும். நாற்பது பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை சென்றார்கள் என்ற கணக்கும் இருக்கும். இதே சோதனை இந்தியாவிலும் நடந்தது என்பதை நம் வகுப்பறைகள் அரிதாகவே சொல்கின்றன. தில்லிப் பல்கலைக்கழகத்தில் 1983இல் அளிக்கப்பட்டு, நூலாக வெளிவராமல் போன ஒரு முனைவர் பட்ட ஆய்வேடு அது. பங்கேற்றவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள். பல நாட்டு முடிவுகளைப் பின்னாளில் தொகுத்த டாமஸ் பிளாஸ், இந்த ஆய்வில் இறுதிவரை பணிந்தவர்கள் 42.5 விழுக்காடு என்று பதிவுசெய்தார். அமெரிக்கச் சோதனைகளின் சராசரி 61. பிற நாடுகளுடையது 66. இந்தியர் இயல்பிலேயே பணிந்துபோகிறவர்கள் என்னும் மேடைப்பேச்சுக்கு இந்த எண் துணைபோகாது. (நாம் குறைவாகப் பணிகிறவர்கள் என்றும் இதைக்கொண்டு வாதாட முடியாது. சோதனைகளின் அமைப்பு நாட்டுக்கு நாடு வேறுபட்டது.)

தில்லியில் அன்று ஓர் ஆய்வு மாணவர் செய்ததை இன்று மும்பையில் ஓர் ஆய்வு மாணவர் செய்ய இயலாது. அந்தத் தடை சரியானதே என்பது என் நிலைப்பாடு. ஆனால் தடையோடு நம் சிந்தனையும் நின்றுவிட்டது என்பதுதான் என் குறை.

சோதனையின் உள்ளமைப்பைச் சுருக்கமாக நினைவூட்டுகிறேன். பங்கேற்பாளரிடம் இது நினைவாற்றல் பற்றிய ஆய்வு என்று பொய் சொல்லப்படும். அடுத்த அறையில் இருப்பவர் தவறாக விடை சொல்லும்போதெல்லாம் 15 வோல்ட் கூட்டி மின்னதிர்ச்சி தரவேண்டும். அந்த மனிதர் ஆய்வாளரின் ஆள். மின்சாரம் அவரைத் தொடுவதே இல்லை. 150 வோல்ட்டில் அவர் தன்னை விட்டுவிடும்படி கேட்பார். பங்கேற்பாளர் தயங்கினால், ஆய்வாளர் முன்கூட்டியே எழுதிவைத்த நான்கு தூண்டுரைகளை வரிசையாகச் சொல்வார். முதலாவது, தொடரும்படி ஒரு வேண்டுகோள். இரண்டாவது, தொடர்வது சோதனைக்குத் தேவை என்ற கூற்று. மூன்றாவது, தொடர்வது இன்றியமையாதது என்ற வலியுறுத்தல். நான்காவதுதான் வேறு வழியே இல்லை என்ற வெளிப்படையான கட்டளை.

இதில் என்ன தீங்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வியர்த்து, நடுங்கி, தன்னை வெறுத்துக்கொண்டு ஒருவர் விசையை அழுத்தியது உண்மை. டயானா பாம்ரிண்ட் 1964இலேயே இதைச் சுட்டிக் கண்டித்தார். யேல் ஆவணங்களைப் பின்னர் ஆராய்ந்த ஜினா பெரி இன்னொன்றைக் காட்டினார்: பங்கேற்றவர்களில் பலருக்கு, அதிர்ச்சி பொய்யானது என்ற உண்மை அன்றைக்கே சொல்லப்படவில்லை. ஒருவரைத் துன்புறுத்திவிட்டோம் என்ற எண்ணத்தோடு அவர்கள் மாதக்கணக்கில் வாழ்ந்தார்கள்.

இன்றைய விதிகள் இத்தகைய பட்டறிவிலிருந்து பிறந்தவை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளின்படி, பங்கேற்பாளருக்கு உண்மையை மறைக்கும் ஆய்வு எதற்கும் அறநெறிக் குழுவின் முழு அமர்வு கூடவேண்டும்; ஆய்வு முடிந்தபின் நடந்ததை விளக்கிச் சொல்லவும் வேண்டும். மும்பையின் சேஹாட் நிறுவனம் உடல்நலம் சார்ந்த சமூக அறிவியல் ஆய்வுகளுக்கான அறநெறிகளை 2000ஆம் ஆண்டிலேயே வெளியிட்டது. ஆக, நம் ஊருக்கு இந்த உரையாடல் புதிதன்று.

இந்த விதிகளுக்குள் நின்றே சோதனையை மீண்டும் செய்து பார்த்தவர் சாண்டா கிளாரா பல்கலைக்கழகத்தின் ஜெரி பர்கர். அவரது கட்டுரை 2009இல் வெளியானது. மில்கிராமின் சோதனையில் 150 வோல்ட்டைக் கடந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நால்வர் இறுதிவரை சென்றிருந்தார்கள். எனவே அந்த இடத்திலேயே நிறுத்தினால் போதும், பெருந்துன்பம் தராமலே விடையை ஊகிக்கலாம் என்று அவர் கண்டார். மனநலச் சிக்கல் உள்ளவர்களை முன்கூட்டியே விலக்கினார். சோதனை முடிந்த உடனேயே உண்மையைச் சொன்னார். எல்லாவற்றுக்கும் மேலாக, எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினாலும் 50 டாலர் உங்களுக்கே என்று ஒவ்வொருவருக்கும் மூன்று முறை தெரிவித்தார். அதில் இரண்டு முறை எழுத்தில். அப்படியிருந்தும் நாற்பது பேரில் 28 பேர் தொடர முற்பட்டார்கள்.

பர்கரின் கட்டுரையை மில்கிராம் முடிவு இன்றும் செல்லும் என்பதற்கான சான்றாகவே எல்லோரும் படிக்கிறார்கள். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. நம் அறநெறிக் கட்டமைப்பின் மையத் தூணான ‘விலகலாம்’ என்ற வாக்கியமே அங்கே சோதனைக்கு உள்ளாகியிருக்கிறது. மூன்று முறை சொல்லப்பட்ட உரிமை, எதிரே அமர்ந்திருந்த ஒருவரின் அமைதியான குரலுக்கு முன் பெரும்பாலோரிடம் வேலை செய்யவில்லை. அதே சோதனையின் பதிவுகளை ஆராய்ந்தபோது, நான்காவது தூண்டுரையைக் கேட்ட எவரும் தொடரவில்லை என்பதும் தெரியவந்தது. வெளிப்படையான கட்டளைக்கு மனிதர் எதிர்த்து நிற்கிறார். ‘ஆய்வுக்குத் தேவைப்படுகிறது’ என்ற, ஏவுபவர் யாரென்றே தெரியாத வாக்கியம்தான் அவரைப் பணியவைக்கிறது.

மொழியியல் படித்தவர்களுக்கு இது விளங்கும். தமிழ் ஒப்புதல் படிவங்களை எடுத்துப் பாருங்கள். ‘கையொப்பமிடவும்’, ‘ஒப்புதல் தேவைப்படுகிறது’, ‘பதிவு செய்யப்படும்’. எல்லாமே இரண்டாம் தூண்டுரையின் இலக்கணம். ‘எந்நேரமும் விலகிக்கொள்ளலாம்’ என்ற வரி அவற்றின் நடுவே, அதே அலுவலக நடையில் வருகிறது. தாராவியிலும் செம்பூரிலும் தமிழ்க் குடும்பங்களிடம் நான் அந்த வரியைப் படித்துக் காட்டியபோது அதிகம் கேட்ட மறுமொழி, “நீங்க சொன்னா சரிங்க” என்பதுதான். படிவத்தின்படி அது ஒப்புதல். மில்கிராமின் கண்ணோட்டத்தில் அது வேறு.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் 2009இல் தொடங்கி 2010 ஏப்ரலில் நிறுத்தப்பட்ட எச்.பி.வி. தடுப்பூசித் திட்டத்தை 2013ஆம் ஆண்டு நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கை ஆராய்ந்தது. ஆந்திரத்தின் 9,543 ஒப்புதல் படிவங்களில் 2,763இல் விடுதிக் காப்பாளர்களே கையெழுத்திட்டிருந்தார்கள். 1,948இல் கைரேகை மட்டுமே இருந்தது. மேலிருந்து வந்த தேவைக்குக் காப்பாளர் பணிந்தார்; காப்பாளருக்குச் சிறுமிகள் பணிந்தார்கள். தாளில் இருந்தது ஒப்புதல்.

ஆகவே மில்கிராமை மறுபடியும் செய்ய அனுமதி கேட்பதை விட்டு, அவர் கண்டதை ஒப்புதல் பெறும் நேரத்துக்குப் பொருத்த வேண்டும் என்கிறேன். ஒப்புதல் வாங்குபவர் ஆய்வாளராகவோ, அவரை அழைத்துவந்த பகுதிப் பிரமுகராகவோ இருக்கக்கூடாது. தொடங்கும் முன்பே ஒரு சிறு கேள்வியைக் கேட்டு, அதற்கு “வேணாம்” என்று சொல்லிப் பார்க்கும்படி பங்கேற்பாளரை அழைக்கலாம். மறுப்பு ஒருமுறை வாயில் வந்துவிட்டால் அடுத்த முறை எளிது என்பது என் எதிர்பார்ப்பு. இதைச் சோதித்துப் பார்க்கலாம், யாரையும் ஏமாற்ற வேண்டியதில்லை. அறநெறிக் குழுக்களும் எத்தனை பேர் கையெழுத்திட்டார்கள் என்பதோடு எத்தனை பேர் மறுத்தார்கள், எத்தனை பேர் பாதியில் எழுந்து போனார்கள் என்று கேட்க வேண்டும். இருநூறு வீடுகளில் ஒருவர்கூட மறுக்கவில்லை என்று ஓர் ஆய்வேடு சொன்னால், வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வி அதைப் பற்றியதாக இருக்கட்டும்.