பொம்மைக்கும் நமக்கும் ஒரே அளவு

"பொம்மைக்குப் போட்டால் கச்சிதமாக இருக்கிறது. நான் போட்டுக் கொண்டால் முன்னால் இழுத்துப் பிடிக்கிறது, முதுகில் தொளதொள என்கிறது!" என்று என் மன்னி ஒரு புது ரவிக்கையைத் தூக்கிக் காட்டினாள். மன்னியின் மார்பளவு 36 அங்குலம். திருகாணி வைத்த தையல் பொம்மையையும் திருகி 36க்குத்தான் வைத்திருந்தாள். பிறகு ஏன் இந்தக் கோளாறு?

இஞ்சு டேப்பை எடுத்து, அக்குளுக்கு நேர் கீழே ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் வரை முன்புறத்தைத் தனியாகவும் முதுகைத் தனியாகவும் அளந்து பார்த்தோம். மன்னிக்கு முன்னால் 20, பின்னால் 16. பொம்மைக்கோ முன்னால் 18½, பின்னால் 17½! கூட்டினால் இரண்டும் 36தான். திருகாணிக்கு யார் உடம்பு எப்படி என்று தெரியுமா? முன்னும் பின்னும் சமமாகத்தான் அகலும்.

ஆகவே பொம்மையை 33க்குச் சுருக்கினோம். முதுகு 16க்கு வந்து விட்டது. முன்புறம் 17 ஆயிற்று. குறைகிற 3 அங்குலத்தைப் பஞ்சினால்தான் நிரப்ப வேண்டும். மன்னி வழக்கமாக அணியும் பாடி ஒன்றைப் பொம்மைக்கு மாட்டி, தோளிலிருந்து மார்பு நுனிக்கு அவளுக்குள்ள 10 அங்குலம் வரும்படி பட்டையைத் தளர்த்திக் கொண்டோம். பிறகு உள்ளே பஞ்சை அடைத்தோம். இலவம் பஞ்சு வேண்டாம். கட்டி கட்டியாகத் திரண்டு விடும். பாலியஸ்டர் பஞ்சுத் தகடு நல்லது. அதைக் கத்தரியால் வெட்டாமல் கையால் பிய்த்தால் ஓரம் மேடு தட்டாது. சின்னத் துண்டை முதலில் வைத்து, அதை மூடும்படி பெரிய துண்டுகளை மேலே வையுங்கள். மார்புக்குக் கீழேயும் இடுப்பிலும் இதே கணக்குத்தான்.

எல்லாவற்றுக்கும் மேலே, மன்னியின் உடம்புக்கே பிடித்துத் தைத்த காடாத் துணி உறை ஒன்றை மாட்டிப் பின்னால் ஹூக் போட்டோம். இதுதான் பரீட்சை. உறையில் எங்கே சுருக்கம் விழுகிறதோ அங்கே பஞ்சு போதவில்லை. ஹூக் மாட்ட முடியாமல் திணறினால் அதிகமாகி விட்டது என்று அர்த்தம். நீட்சித் துணியில் உறை தைத்தால் இந்த இரண்டும் தெரியாமல் போய்விடும். டேப்பை இறுக்கிப் பிடித்து அளந்தாலும் பஞ்சு அமுங்கி ஏமாற்றும்.

ஒன்றை மட்டும் பஞ்சால் சரிக்கட்ட முடியாது. பொம்மையின் தோள் உங்கள் தோளைவிட அகலமாக இருந்தால் அதைக் குறைக்க வழியில்லை. வாங்கும்போது மார்பளவைவிடத் தோளளவைத்தான் முதலில் பார்க்க வேண்டும்; பொம்மை சிறியதாக இருந்தால் பாதகமில்லை.

மன்னிக்கு இடது தோள் கால் அங்குலம் உயரம் என்பது உறையை மாட்டிய பிறகுதான் தெரிந்தது. பொம்மையின் இடது தோளிலும் ஒரு மெல்லிய தகடு வைத்துத் தைத்தோம்.