பார்த்தா, சிரிச்சா… அதுக்காக?

போனைத் திறந்தால் வந்து நிற்கிற வீடியோக்களில் ஒரு வகை இருக்கிறது. "அவளுக்கு உங்களைப் பிடிச்சிருக்கா? இந்த ஏழு அறிகுறிகளைப் பாருங்க." ஏழில் மூன்று எப்பவும் மாறாது. உங்களோடு கதைக்கும்போது முகம் சிவக்கும். நீங்கள் கையைக் கட்டினால் அவவும் கட்டுவா, நீங்கள் தலையைக் கோதினால் அவவும் கோதுவா. மூன்றாவது, கண்ணைப் பார்ப்பா, மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிக நேரம். கம்பஸில் எங்களோடு படிக்கிற பலருக்கு இது மனப்பாடம். கன்டீனில் யாராவது யாரையாவது திரும்பிப் பார்த்தால் மேசை முழுக்க நீதிபதிகள்.

இந்த அறிகுறிகள் முழுப் பொய் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஏதோ ஒரு உண்மையான ஆராய்ச்சி இருக்கிறது. ஆனால் ஆராய்ச்சி சொன்னது சின்ன விஷயம், வீடியோ சொல்வது பெரிய விஷயம். அந்த இடைவெளியில்தான் பிரச்சினை இருக்கிறது.

முதலில் முகம் சிவப்பது. 1872இல் சார்ல்ஸ் டார்வின் உணர்ச்சிகளின் வெளிப்பாடு பற்றி எழுதிய புத்தகத்தில் இதற்கென்றே ஒரு அதிகாரம் ஒதுக்கினார். மற்றவர்கள் எங்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்ற எண்ணம் வந்தால் முகம் சிவக்கிறது என்பது அவருடைய முடிவு. அதாவது கவனிக்கப்படுகிறோம் என்ற உணர்வு. காதல் அதில் ஒரு காரணம் மட்டும்தான். பெயர் சொல்லி லெக்சரர் எழுப்பினாலும் சிவக்கும், பொய் பிடிபட்டாலும் சிவக்கும், செய்யாத தப்பைச் செய்ததாகச் சொன்னாலும் சிவக்கும். "உன்ட முகம் சிவக்குது" என்று யாராவது சொன்னாலே போதும், சிலருக்கு உடனே சிவந்துவிடும்.

இன்னொன்று, அந்த வீடியோக்கள் பெரும்பாலும் வெள்ளைத்தோலை மனதில் வைத்து எழுதப்பட்டவை. முகத்தில் இரத்த ஓட்டம் கூடுவது எல்லாருக்கும் நடக்கிறது. அது வெளியே தெரிவது தோலின் நிறத்தைப் பொறுத்தது. கறுப்பினப் பெண் ஒருவரின் முகத்தில் இருந்த தழும்பு மட்டும் சிவந்ததைக் கவனித்த ஒரு வைத்தியரின் குறிப்பை டார்வினே எடுத்துக் காட்டுகிறார். மற்ற இடத்தில் ஒன்றும் தெரியவில்லை. அப்ப கொலன்னாவையில், பகல் ஒரு மணி வெயிலில் பஸ்ஸால் இறங்கி வருகிற, மாநிறமோ கறுப்போ ஆன ஒருவரின் கன்னத்தில் எதைத் தேடுகிறோம்? அங்கே சிவப்பு தெரிந்தால் அது அனேகமாக வெயில். தெரியாவிட்டால் அதற்கும் ஒரு அர்த்தமும் இல்லை.

இரண்டாவது, கண்ணாடி மாதிரி மற்றவரின் அசைவைத் திருப்பிச் செய்வது. இதில் அடிக்கடி இழுக்கப்படுவது தான்யா சார்ட்ராண்ட், ஜோன் பார்க் என்ற இருவர் 1999இல் வெளியிட்ட பரிசோதனைகள். மாணவர்களை முன்பின் தெரியாத ஒருவரோடு உட்கார வைத்துப் படங்களைப் பற்றிக் கதைக்கச் சொன்னார்கள். அந்த ஆள் ஆராய்ச்சியாளர்களின் ஆள். அவர் முகத்தைத் தடவினால் மாணவர்களும் தங்களை அறியாமல் அதிகம் தடவினார்கள், காலை ஆட்டினால் அவர்களும் ஆட்டினார்கள். கவனிக்க வேண்டியது என்னவென்றால், சிரிக்காமல் இறுக்கமாக இருந்தவரையும் அவர்கள் அப்படித்தான் பின்பற்றினார்கள். விருப்பம் இல்லாத இடத்திலும் அது நடந்தது. அடுத்த பரிசோதனையில் அந்த ஆள் மாணவர்களின் அசைவைத் திருப்பிச் செய்தார். அப்போது அவரைக் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்திருந்தது என்றார்கள். எவ்வளவு கூடுதல்? 9 புள்ளி அளவுகோலில் ஒரு புள்ளிக்கும் குறைவு. அதுவும் பழகுவதற்கு நல்ல ஆள் என்ற அளவில்தான்.

எங்கள் ஊரில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கொலன்னாவையில் ஒரே பாதையில் சிங்களமும் தமிழும் கேட்கும். மொழி பாதி விளங்காத இடத்தில் நாங்கள் என்ன செய்கிறோம்? மற்றவர் தலையாட்டினால் தலையாட்டுகிறோம், சிரித்தால் சிரிக்கிறோம். கம்பஸில் முதல் வருடம் பலருக்கு அப்படித்தான் போனது. அந்தத் தலையாட்டலின் அர்த்தம் "நீங்க சொன்னது முழுக்க விளங்கல்ல, ஆனா நான் எதிரி இல்ல" என்பதுதான்.

மூன்றாவது கண். 1970இல் ஸிக் ரூபின் என்ற உளவியலாளர், ஒருவரை ஒருவர் அதிகம் காதலிப்பதாகச் சொன்ன ஜோடிகள் ஒருவர் கண்ணை ஒருவர் அதிக நேரம் பார்த்ததாகக் கண்டார். ஆனால் அவர்கள் ஏற்கெனவே ஜோடிகள். காதலிக்கிறவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதைத் தலைகீழாக்கி, பார்க்கிறவர்கள் எல்லாம் காதலிக்கிறார்கள் என்று சொல்ல முடியாது. காய்ச்சல் உள்ளவருக்கு உடம்பு சுடும். உடம்பு சுட்ட எல்லாருக்கும் காய்ச்சல் இல்லை.

இதை ஒரு கணக்காகவே போட்டுப் பார்ப்போம். எண்கள் கணக்குக்காக நாங்கள் வைத்தவை. உங்களோடு அடிக்கடி கதைக்கிறவர்கள் 100 பேர். அதில் 5 பேருக்கு உங்களில் விருப்பம். விருப்பம் உள்ளவர்களில் ஐந்தில் நாலு பேர் உங்களை நேராக, நீண்ட நேரம் பார்ப்பார்கள் என்று வைப்போம். அப்போது 4 பேர். மிச்சம் 95 பேரில் ஐந்தில் ஒருவர் மட்டும் வேறு காரணத்துக்காக அப்படிப் பார்க்கிறார்: சுபாவம், கவனமாகக் கேட்கிற பழக்கம், கண்ணாடி போட மறந்த கண், உங்களுக்குப் பின்னால் இருக்கிற கடிகாரம். அது 19 பேர். ஆக உங்களை அப்படிப் பார்க்கிற 23 பேரில் விருப்பத்தோடு பார்ப்பது 4 பேர். அறிகுறி நல்ல அறிகுறிதான். ஆனாலும் ஆறில் ஐந்து தடவை பிழைக்கும்.

மூன்று அறிகுறியும் ஒன்றாக வந்தால் உறுதிதானே என்று கேட்பார்கள். அப்படியும் இல்லை. கலகலப்பாகப் பழகுகிற ஒருவர் கண்ணையும் பார்ப்பார், சிரிப்பார், அசைவையும் திருப்பிச் செய்வார். மூன்றுக்கும் மூலம் ஒன்று. ஒரே சாட்சி மூன்று தரம் கூண்டில் ஏறியது மாதிரி.

பார்க்கிறவரின் பக்கமும் ஒரு சாய்வு இருக்கிறது. 1982இல் அன்டோனியா அபி என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர், அறிமுகமில்லாத ஒரு ஆணையும் பெண்ணையும் ஐந்து நிமிடம் கதைக்க விட்டார். இன்னொரு ஆணும் பெண்ணும் அவர்களுக்குத் தெரியாமல் அதைக் கவனித்தார்கள். கதைத்த ஆணும் சரி, கவனித்த ஆணும் சரி, அந்தப் பெண் கவர்ச்சி காட்டுகிறாள் என்று பெண்களைவிட அதிகமாக நினைத்தார்கள். நடந்தது அதே ஐந்து நிமிடம், அதே சிரிப்பு. அவள் சாதாரணமாகத்தான் பழகியிருக்கிறாள்.

இனி எங்கள் இலக்கியத்துக்கு வருவோம். ஏனென்றால், "இதெல்லாம் தொல்காப்பியத்திலேயே இருக்கு" என்று சொல்கிறவர்கள் எங்கள் தமிழ்ப்பிரிவிலேயே உண்டு. இருக்கிறதுதான். மெய்ப்பாட்டியல் நெற்றி வியர்ப்பதையும், கூந்தலை அவிழ்ப்பதையும், அணிகலனைத் தொட்டுத் தடவுவதையும், உடையைத் திருத்துவதையும் வரிசையாகச் சொல்கிறது. ஆனால் அது புலவருக்கான நூல். காதல் உண்டு என்று முடிவான பிறகு அதை எப்படிக் காட்டுவது என்பதைச் சொல்கிறது. எதிரில் இருக்கிறவளுக்குக் காதல் உண்டா என்று கண்டுபிடிக்கத் தந்த சோதனைத் தாள் இல்லை அது.

அகப்பாடல்கள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. உடம்பை வாசிப்பது எப்படிப் பிழைக்கும் என்பதே அங்கே ஒரு துறை. மகள் மெலிகிறாள், மேனியில் பசலை படர்கிறது, வளை கழல்கிறது. தாய் பார்க்கிறாள். தாய்க்கு விளங்குவது என்ன? முருகன் அணங்கிவிட்டான் என்று. கட்டுவிச்சியிடம் குறி கேட்கிறாள். வேலனை அழைத்து வெறியாட்டு நடத்துகிறாள், ஆடு பலியாகிறது. மகளைப் பெற்று, தினமும் முகம் பார்த்து வளர்த்த தாய்க்கே அந்த அறிகுறிகள் பிழையாகத்தான் விளங்கின. உண்மை எப்படி வெளியே வருகிறது? தோழி வாய் திறந்து சொல்கிறாள். அதற்கு அறத்தொடு நிற்றல் என்று பெயர். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு, 261 அடிகளும், தோழி செவிலிக்கு அப்படிச் சொல்வதுதான். உடம்பு குழப்பிய இடத்தைச் சொல் தெளிவாக்குகிறது. அந்தச் சொல்லுக்கு அறம் என்று பெயர் வைத்ததும் சும்மா இல்லை.

வள்ளுவரை எடுத்து எங்களை மடக்கலாம். குறிப்பறிதல் என்று காமத்துப்பாலிலும் ஓர் அதிகாரம் உண்டு, 110ஆவது. அதன் கடைசிக் குறள், கண்கள் ஒத்துப்போனால் வாய்வார்த்தையால் பயன் இல்லை என்கிறது. சரி. ஆனால் அங்கே நிபந்தனை கண்ணும் கண்ணும் ஒத்துப்போவது. இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மட்டும் பார்த்து, ஒருவர் மட்டும் விளங்கி, ஒருவர் மட்டும் முடிவெடுப்பது அந்தக் குறளில் இல்லை.

நாங்கள் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம், இந்தப் பிழை மேசைப் பேச்சோடு முடிவதில்லை. ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் இலங்கையில் செய்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், பஸ்ஸிலோ ரயிலிலோ ஒரு தடவையாவது பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்ன பெண்கள் நூற்றுக்கு 90 பேர். தொல்லை செய்கிற எல்லாரும் வீடியோ பார்த்துக் குழம்பியவர்கள் இல்லை, பலருக்குத் தாங்கள் செய்வது நன்றாகவே தெரியும். ஆனால் பிடிபட்டதும் அவர்கள் தூக்கிக் காட்டுகிற கேடயம் ஒன்றுதான்: "அவ பார்த்தா, சிரிச்சா." அறிகுறிப் பட்டியலை விஞ்ஞானம் என்று நாங்கள் பரப்பும்போது அந்தக் கேடயத்துக்குத் தடிப்பு கூடுகிறது. இன்னொரு பக்கம், பெண்களும் அந்தப் பட்டியலைப் படிக்கிறார்கள். பிறகு நேராகப் பார்க்கப் பயந்து, சிரிக்கப் பயந்து, குனிந்துகொண்டு போகிறார்கள். அந்தக் குனிவுக்கும் "வெட்கம்" என்று பட்டியலில் இடம் இருக்கிறது. பார்த்தாலும் சம்மதம், குனிந்தாலும் சம்மதம் என்றால் அது அறிகுறியே இல்லை.

அப்ப என்ன செய்யிறது? கேளுங்க. "ஒரு நாள் பிளேன்டீ குடிக்கப் போவமா?" என்று, மற்றவர்கள் பார்க்காத நேரத்தில், "இல்ல" என்று சொல்ல இடம் விட்டுக் கேளுங்க. ஓம் என்றால் போங்க. இல்லை என்றாலோ, "பிறகு பாப்பம்" என்று இழுத்தாலோ, அதோடு விடுங்க. ஏழு அறிகுறிகளையும் விட இந்த ஒரு பதில் அதிகம் சொல்லும். அதை அவவே சொல்லுவா, நீங்கள் ஊகிக்கத் தேவையில்லை.