மே மாதத்து அஞ்சலிக் கவிதைகளில் ஆட்களைக் காணோம்

மே 18 நெருங்கும்போது முகநூலிலும் வட்ஸ்அப் குழுக்களிலும் அஞ்சலிக் கவிதைகள் குவிகின்றன. அவற்றில் எழுதும் செயலிகளிடம் கேட்டு வாங்கியவையும் இப்போது கலந்திருக்கின்றன. அந்தப் பாணி எப்படியிருக்கும் என்று காட்ட நானே நான்கு வரி எழுதிப் பார்த்தேன்:

மௌனத்தின் மடியில் உறங்கும் கனவுகளே
கண்ணீர்க் கடலில் மிதக்கும் நினைவுகளே
காலம் கடந்தும் மறையாத வலிகளே
நம்பிக்கை ஒளியில் மலரும் விழிகளே

முதலில் இதை முள்ளிவாய்க்காலிலிருந்து எடுத்து 2004 சுனாமிக்குப் பொருத்திப் பாருங்கள். ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியதில்லை. அங்கே மக்கள் சேலைகளைப் பைகளாகத் தைத்து, மண் நிரப்பி, பங்கருக்கு அரணாக அடுக்கினார்கள். கஞ்சிக்கு வரிசையில் நின்றார்கள். இவற்றில் ஒன்றை எழுதியிருந்தால் அந்த வரியை வேறெங்கும் நகர்த்த முடியாது.

அடுத்தது ஓசை. நான்கு வரியும் ‘களே’ என்று முடிகிறது. தமிழில் இது மிக மலிவான இயைபு. எந்தப் பெயர்ச்சொல்லோடும் அந்த விகுதியை ஒட்டலாம். ‘வலிகளே’ வந்துவிட்டதால் ‘விழிகளே’ வந்தது. மற்றபடி ஒளியில் விழி எதற்காக மலர வேண்டும்? மௌனம், மடி என்று மோனைக்கும் குறைவில்லை. ஆனால் வரிகளின் முதற்சொற்களில் இரண்டாம் எழுத்து ஒன்றிவரும் எதுகை எங்கும் இல்லை. எதுகையோ தமிழ்ச் செய்யுளின் முதுகெலும்பு. ஒப்பாரிகளில்கூட அதைக் கேட்கலாம்.

எனக்கு மிகவும் உறுத்துவது வினைதான். உறங்கும், மிதக்கும், மறையாத, மலரும். எல்லாம் பெயரெச்சங்கள்; ஒரு முற்றுவினைகூட இல்லை. உறங்குவது கனவு, மிதப்பது நினைவு. செத்தவரும் இல்லை, கொன்றவரும் இல்லை. வலி என்ற பெயர் இருக்கிறது, வலித்த உடம்பைக் காணோம். கடைசி வரியில் கேட்காமலே ஓர் ஆறுதலும் வந்துவிடுகிறது. காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடி வருடக்கணக்காகத் தெருவோரக் கொட்டகையில் இருக்கும் தாயிடம் போய் இந்த ‘நம்பிக்கை ஒளி’யை வாசித்துக் காட்ட முடியுமா?

ஆனாலும் இவற்றை வைத்து ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றக் கூடாது. பத்திரிகைகளின் நினைவஞ்சலிப் பக்கங்களில் தேய்ந்த உவமைகளை மனிதர்களே பல தசாப்தங்களாக எழுதி வந்தார்கள். அங்கே பாட்டு எவ்வளவு பழசாக இருந்தாலும் கீழே ஊர்ப்பெயரும் பேரப்பிள்ளைகளின் பெயர்களும் இருக்கும். மறுபக்கம், கஞ்சியும் பங்கரும் வேண்டும் என்று கேட்டால் செயலி அவற்றையும் சேர்த்துத் தரும். அப்போது கஞ்சி வெறும் சின்னமாக நிற்கிறதா, யாராவது அதைக் குடிக்கிறார்களா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. போட்டிக் கவிதையில் சந்தேகம் வந்தால், எழுதிய பிள்ளையிடம் வெட்டித் திருத்திய தாளைக் கேட்டு, ஏன் இந்தச் சொல்லைப் போட்டாய் என்று விசாரிப்பது இதைவிட நேர்மையான வழி.