பெயர் கூலியாகுமா?

எழுதுகோல் பிடித்தவனிடம் வேலை வாங்க வருவோரில் சிலர், விந்தையானதொரு நாணயத்தைக் கையில் வைத்திருக்கின்றனர். 'பெயர்' என்பதே அந்த நாணயம். "தங்கள் பெயர் அட்டையில் வரும், நாலு ஊருக்குத் தெரியும், அப்புறம் வேலைகள் தாமே தேடி வரும்" என்பார்கள். இந்த நாணயம் எந்த அரிசிக் கடையிலும் செல்லாது. அதை வாங்க மறுப்பது செருக்கும் அல்ல, பேராசையும் அல்ல. இதனை ஒரு நிகழ்ச்சியைக் கொண்டே விளக்க விழைகிறோம். மறுக்கும்போது மனம் புண்படாமல் மறுப்பது எப்படி, நியாயமான கூலியை எந்தச் சொற்களால் கேட்பது என்பதையும் அதனோடு சேர்த்தே சொல்வோம்.

சென்ற ஆண்டு பதிப்பாளர் ஒருவர் நம் இல்லம் தேடி வந்தார். கையில் ஓர் அரபு நூல், 144 பக்கம். நூலாசிரியர் மறைந்து நூறாண்டுகளுக்கு மேலாகிவிட்டதால் மூலத்துக்கு எவரிடமும் அனுமதி பெற வேண்டியதில்லை. "ஆலிம்சா, இதைத் தமிழாக்கித் தர வேண்டும். 1000 பிரதி போடுகிறோம், விலை 200 ரூபாய். தங்களுக்கென்று தொகை ஒதுக்க இப்போது வசதியில்லை. ஆனால் தங்கள் பெயரை அட்டையில் பெரிய எழுத்தில் போடுகிறோம். தீனுடைய வேலைதானே!" என்றார். இனிய மனிதர், இனிமையாகவே பேசினார். தேநீர் அருந்தினார், நூலை மேசைமேல் வைத்தார், சென்றுவிட்டார்.

அவர் போன பிறகு நாம் செய்த முதல் காரியம், நூலைத் திறந்து எண்ணியதுதான். ஐந்து பக்கங்களின் சொற்களை எண்ணிச் சராசரி பார்த்தோம். பக்கத்துக்கு ஏறத்தாழ 250 சொல். 144 பக்கத்துக்கு 36,000 சொல். இத்தகைய நடையை நாம் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் அமர்ந்தால் 750 சொல் வரை தமிழாக்குவோம். ஆக, முதற்படிவத்துக்கு 48 நாள். மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்த 12 நாள். அச்சுப்படியை இருமுறை மெய்ப்புப் பார்க்க 10 நாள். மொத்தம் 70 நாள், 210 மணி நேரம். எண்ணாத வரை இது 'ஒரு சிறு உதவி'யாகத்தான் தோன்றும். எண்ணிப் பார்த்த பிறகே, நம்மிடம் கேட்கப்பட்டது எழுபது நாள் உழைப்பு என்பது விளங்கும்.

இங்கே ஒன்றைக் கேட்க வேண்டும். இதே பதிப்பாளர் காகிதக் கடைக்காரரிடம் சென்று, "தங்கள் கடையின் பெயரை நூலில் போடுகிறோம், காகிதத்தை இலவசமாகத் தாருங்கள்" என்பாரா? அச்சகத்தாரிடம், பைண்டரிடம், அட்டை வரைந்த ஓவியரிடம் அப்படிச் சொல்வாரா? சொல்லமாட்டார். அவர்கள் எல்லோருக்கும் தொகை ஒதுக்க வசதி இருந்தது. நூலுக்குள் இருக்கும் எழுத்துக்கு மட்டுமே வசதியில்லாமல் போயிற்று. இது வறுமை அன்று. யாரிடம் கேட்டால் வெட்கப்பட்டு வாய்மூடி இருப்பார்கள் என்று அறிந்து செய்யும் ஏற்பாடு.

அதைவிட வேடிக்கை, அவர் தருவதாகச் சொன்ன பெயர் அவருடையதே அல்ல என்பது. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி மொழிபெயர்ப்பும் தனியொரு படைப்பு. சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட ஊழியராக இருந்து செய்தாலன்றி, அதன் முதல் உரிமையாளர் மொழிபெயர்த்தவரே. அச்சட்டத்தின் 57ஆம் பிரிவு, உரிமையைப் பிறருக்கு எழுதிக் கொடுத்த பின்னரும் 'இது என் படைப்பு' என்று கோரும் உரிமை படைத்தவனிடமே நிற்கும் என்கிறது. ஆகவே அட்டையில் நம் பெயரை இடுவது அவர் தரும் பரிசு அல்ல, அவர்மீதுள்ள கடமை. நம் வீட்டுப் பொருளை எடுத்து நமக்கே கூலியாகத் தருவதைக் கொடை என்று எவரேனும் சொல்வார்களா?

'தீனுடைய வேலை' என்ற சொல்லுக்கு நாம் தலைவணங்குகிறோம். ஆனால் அந்தத் தீன்தான் நமக்கு இஜாராவையும் ஹிபாவையும் வேறு வேறு பாடங்களாகக் கற்பித்தது. கூலிக்குச் செய்வது வேறு, அன்பளிப்பாகத் தருவது வேறு. மத்யனில் முதியவர், மூஸா நபி (அலை) அவர்களிடம் பேசிய ஒப்பந்தத்தை நினைத்துப் பாருங்கள். எட்டு ஆண்டுகள் கடமை. பத்தாக நிறைவு செய்தால் அது மூஸாவின் விருப்பம். கடமையும் கொடையும் எவ்வளவு தெளிவாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன! கொடை என்பது கொடுப்பவன் தானாக முன்வந்து தருவது. வாங்குகிறவன் அதைக் குறித்துக்கொடுத்துக் கேட்டால், அதற்குக் கொடை என்று பெயரில்லை.

ஒரு வாரம் சென்று நாம் அவருக்கு எழுதிய கடிதத்தை அப்படியே தருகிறோம்.

"மதிப்பிற்குரிய ஹாஜியார் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நூலைப் படித்தோம். தமிழில் வரவேண்டிய நூல். நம்மை எண்ணி வந்தமைக்கு நன்றி. கூலியின்றி இப்பணியை ஏற்க நம்மால் இயலாது. இதில் 36,000 சொற்கள் உள்ளன. எழுபது நாள் வேலை. கீழ்க்கண்டவற்றுள் தங்களுக்கு ஏற்றதைத் தேர்ந்துகொள்ளலாம். ஒன்று: சொல்லுக்கு ஒரு ரூபாயாக 36,000 ரூபாய். தொடங்கும்போது 12,000, கைப்படி தரும்போது 12,000, மெய்ப்பு முடிந்ததும் 12,000. இது முதற்பதிப்பின் 1000 பிரதிகளுக்கு மட்டும். இரண்டு: விலையில் நூற்றுக்குப் பத்து, அதாவது பிரதிக்கு 20 ரூபாய். கைப்படி தரும் நாளில் 10,000 ரூபாய் முன்பணம். எஞ்சியது விற்பனைக் கணக்கின்படி ஆறு மாதத்துக்கு ஒருமுறை. மூன்று: இவ்விரண்டும் இப்போது இயலாதாயின், முதல் 12 பக்கங்களை மட்டும் 3,000 ரூபாய்க்குச் செய்து தருகிறோம், சிறு வெளியீடாகப் போடலாம். நூலை விற்காமல் முழுவதும் இலவசமாக வழங்குவதாயின், அட்டையில் அதை அச்சிட இசைந்தால், நாமும் கூலியின்றியே செய்வோம். அடுத்த மாதம் முதல் தேதிக்குள் தங்கள் முடிவை அறிய விரும்புகிறோம். வஸ்ஸலாம்."

இக்கடிதத்தில் எதைச் சொன்னோம் என்பதைவிட எதைச் சொல்லவில்லை என்பதை வாசகர் கவனிக்க வேண்டுகிறோம். நம் குடும்பச் செலவைச் சொல்லவில்லை, ஏனெனில் கூலி கேட்க வறுமை ஒரு சான்றாக வேண்டியதில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. அவரைக் குற்றஞ்சாட்டவும் இல்லை. மறுப்பை ஒரே வாக்கியத்தில் முடித்துக்கொண்டு, அவர் தேர்ந்துகொள்ள வழிகளை வைத்தோம். பணம் போதாதென்றால் வேலையின் அளவைக் குறைக்கலாம் என்றோம். அதே வேலைக்குக் கூலியைக் குறைக்க இசையவில்லை. ஒரு முறை பாதிக் கூலிக்கு முழு வேலை செய்தால், அந்தப் பாதியே நம் விலையாக நிலைத்துவிடும். மணிக்கணக்கில் பார்த்தால் நாம் கேட்டது மணிக்கு 171 ரூபாய் அளவே. இதைப் பேராசை என்பாரும் உண்டு!

முதல் தேதி வந்தது, பதில் வரவில்லை. மாதம் ஒன்று சென்றபின், நம்மிடம் ஓதிப் பட்டம் பெற்ற இளம் மௌலவி ஒருவர் வந்தார். கையில் அதே நூல். "ஹஸரத், முப்பது பக்கம் முடித்துவிட்டேன். சில இடங்கள் விளங்கவில்லை" என்றார். கூலி என்னவென்று கேட்டோம். தலையைக் குனிந்துகொண்டு, "பெயர் போடுவார்களாம் ஹஸரத்" என்றார்.

அப்போதுதான் நம் உள்ளம் வெந்தது. பதிப்பாளர்மீது அன்று, நம்மீதே. அந்த மாணவருக்கு 'மின்ஹாஜ்' ஓதிக்கொடுத்தவர்கள் நாம். தையற்காரனிடம் துணியைக் கொடுத்து, கூலி எதுவும் பேசாமல் அவன் தைத்து முடித்தால் என்ன தீர்ப்பு என்ற மஸ்அலா அதில் உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் முற்படுத்தப்படும் சொல், அவனுக்குக் கூலி இல்லை என்பதே. கூலி உண்டு என்றும், அத்தொழிலுக்குப் பெயர்போனவனாயின் உண்டு என்றும் வேறு கருத்துகளும் அங்கே எடுத்துரைக்கப்படுகின்றன. இதனை நாம் ஆண்டுதோறும் வாசித்து இபாரத்துக்குப் பொருள் சொன்னோம். 'பிள்ளைகளே, அந்தத் தையற்காரன் நாளை நீங்கள்தாம், ஊசியைக் கையில் எடுக்குமுன் கூலியைப் பேசுங்கள்' என்று ஒரு நாளும் சொன்னதில்லை. கேட்பதே இழிவு என்ற பழக்கத்தை அல்லவா ஊட்டினோம்!

முப்பத்தோராம் பக்கத்தைத் தொடவேண்டாம் என்றோம். செய்ததைக் கையிலேயே வைத்துக்கொண்டு எழுதச் சொன்னோம். "முப்பது பக்கம், 7,500 சொல் முடிந்துள்ளது. தொடர்வதற்குமுன் கூலியை எழுத்தில் பேசிக்கொள்ள விரும்புகிறேன்" என்று தொடங்கி, நம் கடிதத்தின் இரண்டாம் வழியைத் தம் பெயரில் எழுதினார். 'சகல உரிமையும் பதிப்பகத்துக்கே' என்று அச்சிட்ட தாள் வந்தால் படிக்காமல் கையெழுத்திடாதீர் என்றும் எச்சரித்தோம். எந்த உரிமை, எத்தனை ஆண்டு, எந்த நிலப்பரப்பு, என்ன தொகை என்பவை அதில் இருக்க வேண்டும். ஆண்டு குறிக்கப்படாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், நிலப்பரப்பு குறிக்கப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் கொள்ளும்.

பதிப்பாளர் இம்முறை வந்தார். 10,000 முன்பணம் முடியாது, 8,000 தருகிறேன் என்றார். நூற்றுக்குப் பத்துக்கு இசைந்தார். எழுத்தில் ஒப்பந்தமாயிற்று. 1000 பிரதியும் விற்றால் மாணவருக்கு 20,000 ரூபாய் சேரும். பெரும் செல்வம் அன்று. ஆயினும் விளங்காத இடங்களை அவசரமாகத் தாண்டிச் செல்லாமல், அகராதியைப் புரட்டி நின்று எழுத அவருக்கு அதனால் நேரம் கிடைத்தது. கூலியில்லா வேலையைக் கிடைத்த இடைவேளைகளில்தானே செய்ய முடியும்? அதன் பிழைகளைச் சுமப்பவர் நூலை வாங்கும் வாசகரே.

நம்மைப் பொறுத்தவரை, அந்தப் பதிப்பாளர் மீண்டும் நம் வாயிற்படி ஏறவில்லை. மறுப்புக்கு அப்படியும் ஒரு விலை உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. இருந்தாலும் வழியில் காணும்போது ஸலாம் சொல்கிறார், நாமும் பதில் சொல்கிறோம். கடிதத்தில் ஒரு கடுஞ்சொல் இல்லாததால் அந்த ஸலாம் இன்னும் மிஞ்சியிருக்கிறது.

வீட்டிலே எழுதத் தெரிந்த பிள்ளையோ, வரையத் தெரிந்த பெண்ணோ இருக்கும் பெற்றோருக்கு ஒன்று சொல்லி முடிக்கிறோம். "பெயர் வருமே, செய்து கொடு" என்று பிள்ளையை நீங்கள் தூண்டாதீர்கள். முதலில் வேலையை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். அதன் பிறகே ஊசியில் நூல் கோக்கட்டும்.