கடை வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்க

உங்க அப்பாவுக்கு மயிலாப்பூர்லயோ தி.நகர்லயோ ஒரு கடை இருக்கு. நீங்க மூணாவது வருஷம் மெக்கானிக்கல், இல்லன்னா கம்ப்யூட்டர் சயின்ஸ். ப்ளேஸ்மென்ட் வரப்போகுது, கல்லாவுல உட்காரும் எண்ணம் உங்களுக்குத் துளிகூட இல்லை. ஆனா வீட்டுல அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. "பார்க்கலாம்ப்பா" என்று நாலு வருஷமா ஓட்டிக்கிட்டு இருக்கீங்க.

கடை வேண்டாம் என்பதில் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. இந்த "பார்க்கலாம்ப்பா"தான் பிரச்சினை.

2022 நவம்பர்ல பிஸ்லரி செய்தி வந்தது ஞாபகம் இருக்கா? 1969ல வெறும் 4 லட்சம் ரூபாய்க்கு வாங்கிய கம்பெனியை, 82 வயது ரமேஷ் சவுகான் டாடா கன்ஸ்யூமருக்கு விற்கப்போறார், 6,000 முதல் 7,000 கோடி வரை போகும் என்று பேச்சு. மகள் ஜெயந்திக்கு இதில் பெரிய ஆர்வம் இல்லை என்று சொன்னதும் அப்பாவேதான். 2023 மார்ச்ல டாடா பேச்சுவார்த்தையை நிறுத்திக்கிட்டதா அறிவிச்சது. உடனே, மகளே நடத்துவார், தொழில்முறை நிர்வாகிகள் கூட இருப்பாங்க என்று முடிவாச்சு. இதில் நான் கவனிக்கிறது 82 என்ற எண்ணை. அவ்வளவு பெரிய பிராண்ட் என்பதால் அந்த வயசிலும் வாங்க ஆள் வந்தாங்க. நம்ம மாடவீதிக் கடைக்கு எந்த டாடாவும் வரப்போறதில்லை.

நடுவுல ஒரு விஷயம். "வாரிசு விரும்பலை" என்று சொல்லும் பல வீடுகளில், மகனைத் தவிர யாரையும் கேட்டிருக்கவே மாட்டாங்க. சென்னையின் முருகப்பா குடும்பத்தில் எம்.வி. முருகப்பன் 2017ல இறந்த பிறகு, அவர் மகள் வள்ளி அருணாசலம் அம்பாடி இன்வெஸ்ட்மென்ட்ஸ் போர்டுல இடம் கேட்டார். 2020ல பங்குதாரர்கள் ஓட்டுப்போட்டு மறுத்தாங்க. 2023ல தான் குடும்பத்துக்குள் சமரசம் வந்தது. அதனால முதல்ல உங்க அக்காவையோ தங்கச்சியையோ ஒரு வார்த்தை கேளுங்க. அவங்களும் வேண்டாம்னு சொன்னா மேல படிங்க.

நம்ம ஏரியாவுல இதுக்குன்னு ஒரு தனிச் சிக்கல் இருக்கு. மயிலாப்பூர், தி.நகர், அடையாறு மாதிரி இடங்களில் கடையைவிட கடை நிற்கும் மண்ணுக்குத்தான் விலை. கடையும் கட்டடமும் ஒரே சொத்துன்னு நினைக்கிற வீட்டில், பிள்ளைகள் வேண்டாம் என்றதும் கட்டடம் பில்டர்கிட்ட போயிடும். தொழிலுக்கு ஒரு விலை இருந்ததே யாருக்கும் தெரியாமல் போகும். ரெண்டையும் தனித்தனியா எடுத்துப் பார்த்தால் கணக்கு வேற மாதிரி வரும்.

ஒரு காப்பித்தூள் கடையை எடுத்துக்குவோம், எண்கள் எல்லாம் கற்பனைதான். எல்லாச் செலவும் போக வருஷம் 15 லட்சம் நிக்குது. அப்பா இதை லாபம் என்பார். முழுக்க லாபம் இல்லை. தினம் 12 மணி நேரம் நிற்கும் அவருக்குச் சம்பளம் போடலையே! அவர் வேலையைச் செய்ய ஒருத்தரை வச்சா மாசம் 40,000, அதாவது வருஷம் 4.8 லட்சம். சொந்தக் கட்டடம் என்பதால் வாடகையும் எழுதலை. அதே இடத்தை வெளியாளுக்கு விட்டால் மாசம் 45,000 வரும்னு வைங்க, அது 5.4 லட்சம். ரெண்டையும் கழிச்சா மிச்சம் 4.8 லட்சம். தொழிலோட உண்மையான லாபம் அவ்வளவுதான். அதைப்போல மூணு மடங்கு, 14.4 லட்சம், கூடவே இருப்பில் இருக்கும் சரக்குக்கு 3 லட்சம். ஆக 17.4 லட்சம். சின்னக் கடைக்கு இந்த மூணு மடங்கு கணக்கே நியாயம்னு நினைக்கிறேன். வாங்குறவருக்கு மூணு, நாலு வருஷத்துல போட்ட பணம் திரும்பணும் இல்லையா?

யார் வாங்குவாங்க? 15 வருஷமா வறுக்கிற மெஷின் பக்கத்துல நிற்கிற அண்ணன்தான். அவர்கிட்ட 17 லட்சம் இருக்காது, அடமானம் இல்லாம பேங்க்கும் லேசில் தராது. அதனால கடையே அதைக் கட்டட்டும். 60 மாசத் தவணைன்னா மாசம் 29,000. உண்மையான லாபம் மாசம் 40,000 என்பதால், தன் சம்பளத்தில் கை வைக்காமலே அவர் கட்டிடலாம். அவருடைய பழைய சம்பளம், அந்த இடத்துக்கு வரும் புது ஆளுக்குப் போயிடும். அப்பாவுக்கு வாடகையும் தவணையும் சேர்த்து மாசம் 74,000. முன்னாடி கையில் வந்த 1.25 லட்சத்தைவிடக் குறைவுதான். ஆனா 12 மணி நேரம் நிற்க வேண்டாம், கட்டடமும் உங்க குடும்பத்துலயே இருக்கும்.

பேப்பர் வேலையில் கவனிக்க வேண்டியது கொஞ்சம் இருக்கு. பெரும்பாலான கடைகள் தனிநபர் பெயரில் ஓடும். சட்டப்படி கடையும் அப்பாவும் ஒண்ணுதான். அவர் உயிலில்லாமல் இறந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, பிள்ளைகள், பாட்டி இருந்தால் பாட்டி, எல்லாருக்கும் சம பங்கு. அண்ணனுக்கு வாய்வார்த்தையா கொடுத்த எந்த வாக்கும் அங்கே நிற்காது. அதனால அப்பாவும் அண்ணனும் முதல்ல ஒரு பார்ட்னர்ஷிப் போடுறது நல்லது. ரெண்டே பேர் என்றால் ஒருவர் இறந்ததும் ஃபர்ம் கலைஞ்சிடும், ஒத்த ஆளை வச்சு ஃபர்ம் கிடையாது. அம்மாவை மூணாவது பார்ட்னரா சேர்த்து, ஒருவர் இறந்தாலும் தொழில் தொடரும்னு பத்திரத்தில் எழுதணும். ஃபர்முக்குப் புது பான், புது ஜிஎஸ்டி பதிவு வேணும். பழைய பதிவில் மிச்சமிருக்கும் வரிக் கிரெடிட்டை ITC-02 படிவத்தில் மாத்தலாம், மறந்துட்டா அந்தப் பணம் போச்சு. வாடகை ஒப்பந்தத்தை வழக்கமான 11 மாசத்துக்குப் போடாதீங்க. 5 வருஷத்துக்குப் போட்டு ரெஜிஸ்டர் பண்ணுங்க. இல்லன்னா நாளைக்கு நீங்களே வாடகையை ஏத்தி அவரைத் துரத்திட முடியும், அது தெரிஞ்சா அவர் தவணை கட்ட ஒத்துக்க மாட்டார்.

கடைப் பெயர் தாத்தா பெயராக இருந்தால், டிரேட்மார்க்கை அப்பா பெயரில் பதிவு பண்ணி, தவணை முடியும்வரை பயன்படுத்த அனுமதி மட்டும் கொடுக்கலாம். கடைசித் தவணை அன்னைக்கு எழுதிக் கொடுத்தால் போதும்.

இதெல்லாம் சரியா இருந்தும் கவிழ்றது எங்கேன்னா, அப்பா தலைக்குள் இருக்கும் விஷயத்தில். எந்தக் கொட்டையை எவ்வளவு வறுக்கணும், எந்த வாடிக்கையாளருக்கு எத்தனை பங்கு சிக்கரி, சிக்மகளூர்ல யார் ஒரு மாசம் கடன் தருவாங்க, எந்த மெஸ் பாக்கி வைக்கும். இதை எழுதி வாங்க ஒரு வருஷமாவது ஆகும். அப்பாவுக்கு 57ல ஆரம்பிச்சா நிதானமா முடியும். ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு ஆரம்பிச்சா, வாங்குற ஆள் நீங்க சொன்ன விலையில் பாதிதான் தருவார், அதுவும் மெஷினுக்கு மட்டும்.

கடையை விற்க முடியுமான்னு தெரிஞ்சுக்க ஒரு வழி இருக்கு. அடுத்த செமஸ்டர் லீவுல அப்பா அம்மாவை ரெண்டு வாரம் எங்கேயாவது அனுப்புங்க, போனைக் கையில் வாங்கி வச்சுக்கோங்க. கடையை அண்ணன்கிட்ட விட்டுட்டு, நீங்க ஓரமா ஒரு நோட்டோட உட்காருங்க. "ஐயா வந்தாத்தான் தெரியும்" என்று எத்தனை தடவை சொல்றாங்கன்னு எழுதிக்கிட்டே வாங்க. அந்த லிஸ்டைத்தான் அப்பா வந்ததும் அவர்கிட்ட கொடுக்கணும், வேலைக்குப் போறேன்னு சொல்ற அதே நாள்ல.