எண்ணெய் டின்னும் இரண்டு லாபங்களும்

விலைவாசி ஏறும்போது ஃபிஃபோ முறையில் லாபம் அதிகம், எடையிட்ட சராசரி முறையில் லாபம் குறைவு. பி.காம். முதலாண்டிலேயே எல்லோரும் மனப்பாடம் செய்துவிடும் வரி இது. பாதி உண்மைதான். மீதிப் பாதியைப் பாடப்புத்தகக் கணக்கு சொல்வதில்லை, ஏனென்றால் அது பெரும்பாலும் ஓர் ஆண்டோடு முடிந்துவிடுகிறது.

ஒரு எண்ணெய் மண்டியை எடுத்துக்கொள்வோம். ஆண்டுத் தொடக்கத்தில் 100 டின் கையிருப்பு, டின் 1,800 ரூபாய். பிறகு மூன்று தடவை நூறு நூறாகக் கொள்முதல்: 2,000, 2,200, 2,400 ரூபாய்க்கு. ஆக 400 டின்னின் அடக்கம் 8,40,000 ரூபாய். இதில் 300 டின் சராசரியாக 2,400 ரூபாய்க்கு விற்றுப் போனது. விற்பனை 7,20,000. மீதி 100 டின்.

ஃபிஃபோவில் பழைய டின்கள் முதலில் போனதாகக் கொள்வதால், மிஞ்சியவை 2,400 ரூபாய் டின்கள். இறுதிச் சரக்கிருப்பு 2,40,000, மொத்த லாபம் 1,20,000. ஆண்டு முழுவதற்கும் ஒரே எடையிட்ட சராசரி போட்டால் டின் 2,100 ரூபாய். இறுதிச் சரக்கிருப்பு 2,10,000, லாபம் 90,000. அதே கடை, அதே எண்ணெய், வித்தியாசம் 30,000 ரூபாய்!

சரி, கல்லாவில் எவ்வளவு இருக்கிறது? விற்றது 7,20,000, அந்த ஆண்டு வாங்கியது 6,60,000. மீதம் 60,000 மட்டுமே. தொடக்கத்திலும் 100 டின், முடிவிலும் 100 டின். அந்த நூறு டின்னின் விலை 1,800இலிருந்து 2,400க்கு ஏறியதைத்தான் ஃபிஃபோ இன்னொரு 60,000 ரூபாய் லாபமாகக் காட்டுகிறது. சராசரி முறையும் முழு யோக்கியம் இல்லை, அதில் 30,000 இப்படி ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனாலும் முதலாளி லாபத்தைப் பார்த்து வீட்டுச் செலவுக்குப் பணம் எடுப்பவராக இருந்தால், ஃபிஃபோ கணக்கு அவரை ஏமாற்றுகிறது. 1,20,000 எடுத்தால் அடுத்த கொள்முதலுக்கு வட்டிக்குத்தான் போகவேண்டும். 30 சதவீத வரி கட்டுபவர் என்றால், கூடுதல் 30,000க்கு 9,000 ரூபாய் வரியும் உண்டு, விற்காத டின்னுக்காக.

ஃபிஃபோவுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. இருப்புநிலைக் குறிப்பில் அது காட்டும் 2,40,000 இன்றைய விலைக்கு அருகில் இருக்கிறது. சரக்கைப் பார்த்துக் கடன் கொடுக்கும் வங்கிக்கு இந்த எண் பயன்படும். லாபத்தை அளக்கத்தான் அது சரியான கோல் இல்லை.

இனி இரண்டாம் ஆண்டு. விலை அதே வேகத்தில் ஏறி 2,600, 2,800, 3,000க்கு நூறு நூறு டின் வாங்கி, மறுபடி 300 விற்றதாக வைப்போம். ஃபிஃபோவில் விற்ற சரக்கின் அடக்கம் 7,80,000. சராசரி முறையில் தொடக்க இருப்பே 2,10,000தான், எனவே 400 டின்னுக்கு 10,50,000, டின்னுக்கு 2,625. விற்ற சரக்கின் அடக்கம் 7,87,500. லாப வித்தியாசம் வெறும் 7,500! மூன்றாம் ஆண்டு 3,200, 3,400, 3,600 என்று போட்டுப் பார்த்தால் 1,875 ரூபாய்தான் வரும்.

காரணம் எளிது. இந்த ஆண்டின் இறுதிச் சரக்கிருப்பு அடுத்த ஆண்டின் தொடக்கச் சரக்கிருப்பு. ஃபிஃபோ இந்த ஆண்டு உயர்த்திக் காட்டிய தொகை, அடுத்த ஆண்டு அடக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. லாபத்தைப் பாதிப்பது இரு முறைகளின் இருப்பு மதிப்புக்கு இடையே உள்ள இடைவெளி அல்ல, அந்த இடைவெளி அந்த ஆண்டில் எவ்வளவு கூடியது என்பதே. முதலாண்டில் இடைவெளி பூஜ்யத்திலிருந்து 30,000 ஆனது, இரண்டாமாண்டில் 37,500 ஆனது. விலை சீராக ஏறிக்கொண்டே இருந்தால் லாப வித்தியாசம் தேய்ந்துவிடும். ஏற்றம் திடீரென்று வேகம் பிடித்தாலோ, கையிருப்பு டின்கள் பெருகினாலோ மட்டும் மறுபடி வீங்கும்.

அதனால் கவனிக்க வேண்டியது ஒரு நிறுவனம் எந்த முறையில் இருக்கிறது என்பதைவிட, எப்போது முறை மாறுகிறது என்பதை. சராசரியில் இருந்த மண்டி இரண்டாமாண்டு முடிவில் ஃபிஃபோவுக்குத் தாவினால், இறுதி இருப்பு 2,62,500க்குப் பதில் 3,00,000 ஆகும். 37,500 ரூபாய் ஒரே ஆண்டில் லாபத்தில் விழும், ஒரு டின்கூட அதிகம் விற்காமல். இந்தியக் கணக்கியல் தரநிலை 2 இரண்டு முறைகளையும் அனுமதிக்கிறது (லிஃபோ 1999 திருத்தத்தில் போய்விட்டது). ஆனால் நினைத்தபோது மாற்ற முடியாது. தகுந்த காரணம் வேண்டும், மாற்றத்தால் லாபம் எவ்வளவு கூடியது அல்லது குறைந்தது என்று சொல்லவேண்டும் என்கிறது தரநிலை 5. அந்தத் தொகை லாப நட்டக் கணக்கின் முகப்பில் கண்ணில் படாது. பின்பக்கக் குறிப்புகளில் கணக்கியல் கொள்கைகள் என்ற தலைப்பின் கீழ் சின்ன எழுத்தில் இருக்கும்.